ஓர் ஓவியம், ஒரு கட்டுரை: ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

விஸ்காம், கவின்கலை மாணவர்களுக்கு அநேகமாக எல்லா ஆண்டும் இப்படி ஒரு பணி வரும்: ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு 1500 சொற்களில் காட்சிப் பகுப்பாய்வு எழுத வேண்டும். சென்னையில் அந்த மாணவர்கள் எழுதும் வரைவுகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெரும்பாலான வரைவுகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. இரண்டாவது வரியிலேயே “இந்த ஓவியம் ஏழைகளின் துயரத்தைச் சித்தரிக்கிறது” என்று வந்துவிடும். அதற்குப் பிறகு எழுத ஒன்றும் மிச்சமிருக்காது. மீதிப் பக்கங்களை ஓவியரின் வாழ்க்கை வரலாறு நிரப்பும்.

இதற்குக் காரணம் எழுத்துத் திறமைக் குறைவு இல்லை, வேலையைச் செய்த வரிசை. பார்ப்பது, விவரிப்பது, அமைப்பை ஆராய்வது, வெளியிலிருந்து தகவல் சேர்ப்பது, பொருள் சொல்வது என்ற வரிசை மாறினால் கட்டுரை நிற்காது. அந்த வரிசையை ஒரே ஓவியத்தை வைத்து இங்கே செய்து காட்டுகிறேன். வின்சென்ட் வான்கோ 1885 ஏப்ரல், மே மாதங்களில் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ அது. மாணவர்கள் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் ஓவியம், அவசரமாகப் பொருள் சொல்லத் தூண்டும் ஓவியமும்கூட.

1. எந்தப் படத்தைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

இந்தப் பெயரில் தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் வரும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கும் இறுதி ஓவியம் ஒன்று. அதற்கு முன்னால் வரைந்து பார்த்த வடிவங்கள் தனி. இவை போக, வான்கோவே செய்த கல்லச்சு ஒன்று கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. கல்லில் வரைந்து தாளில் அச்சிடும்போது படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். அதனால் ஓவியத்தில் வலது ஓரத்தில் காபி ஊற்றும் பெண் கல்லச்சில் இடது ஓரத்தில் இருப்பாள்.

படத்தை மாற்றி எடுத்துவிட்டால் “இடப்பக்கம்”, “வலப்பக்கம்” என்று நீங்கள் எழுதும் எல்லாமே தவறாகிவிடும். ஆகவே அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருக்கும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்வாஸில் தைல வண்ணம், 82 × 114 செ.மீ. என்ற விவரத்தையும் குறித்துவையுங்கள்.

கலர் ஜெராக்ஸ் எடுத்து அதை மட்டும் பார்த்து எழுதுவது இன்னொரு தவறு. இந்த ஓவியத்தின் நிறம் பெரும்பாலும் கரும்பச்சையும் மண்ணின் பழுப்பும்தான். கடை பிரின்ட்டில் இரண்டும் கறுப்பாகிவிடும். திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துப் பாருங்கள், பிரின்ட்டைக் கோடு போட்டுக் குறிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவையும் உணர வேண்டும். வீட்டுச் சுவரில் சாக்பீஸால் 82 × 114 செ.மீ. செவ்வகம் ஒன்று போடுங்கள். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் அடி உயரம், மூன்றே முக்கால் அடி அகலம். ஐந்து பேர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். போனில் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் முகம் உண்மையில் எவ்வளவு பெரியது என்று அப்போது புரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தச் சிரமம் இல்லை. நேரில் போய் நின்று பார்த்துவிடுங்கள்.

2. முதல் அரை மணி நேரம் எதையும் படிக்காதீர்கள்

ஓவியத்தைப் பற்றிய கட்டுரை, விக்கிப்பீடியா, யூடியூப் எதுவும் வேண்டாம். யாராவது சொன்ன பொருள் மனதில் ஏறிவிட்டால் கண் அதை மட்டுமே தேடும், மற்றதைத் தாண்டிப் போய்விடும்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் “பார்ப்பது”, வலப்பக்கம் “தோன்றுவது”. “இளம்பெண் இடது ஓரத்து ஆணைப் பார்க்கிறாள்” என்பது இடப்பக்கம் போகும். “அவள் கவலையாக இருக்கிறாள்” என்பது வலப்பக்கம். வலப்பக்கம் எழுதிய ஒவ்வொன்றிலிருந்தும் இடப்பக்கத்தில் உள்ள ஏதாவது ஒன்றுக்கு ஓர் அம்புக்குறி போட முடிய வேண்டும். போட முடியாதவற்றை அடித்துவிடுங்கள்.

இந்தப் பயிற்சியில் “வறுமை” என்ற சொல் என்ன ஆகிறது என்று பாருங்கள். எதை வைத்து வறுமை என்கிறீர்கள்? தாழ்ந்த கூரை, ஒற்றை விளக்கு, உணவாக உருளைக்கிழங்கு மட்டும். சரி, அம்பு விழுகிறது. “துயரம்” எதிலிருந்து வந்தது? பலருக்கு அங்கே அம்பு போட ஒன்றும் கிடைக்காது. யாரும் அழவில்லை, தலையில் கைவைத்து உட்காரவில்லை. சாப்பிடுகிறார்கள், காபி ஊற்றுகிறார்கள். படத்தின் இருட்டை அவர்களுடைய மனநிலை என்று நாம்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

3. விவரிப்பை ஒரு பாதையில் எழுதுங்கள்

விவரிப்பு என்பது பொருள்களின் பட்டியல் இல்லை. “ஒரு மேசை இருக்கிறது, ஒரு விளக்கு இருக்கிறது, ஐந்து பேர் இருக்கிறார்கள்” என்று எழுதினால் படிப்பவர் மனதில் படம் எழாது. கண் எங்கே தொடங்கி எங்கே போகிறதோ அந்தப் பாதையைப் பிடியுங்கள். இங்கே கண் விளக்கில் தொடங்கும், ஏனென்றால் இருட்டுக்குள் வெளிச்சம் அது ஒன்றுதான். அதிலிருந்து இறங்கினால் இப்படி எழுதலாம்:

“மரச்சட்டங்கள் தெரியும் தாழ்ந்த கூரையிலிருந்து ஓர் எண்ணெய் விளக்கு மேசைக்கு மேலே தொங்குகிறது. மேசையைச் சுற்றி ஐந்து பேர். இடது ஓரத்தில் தொப்பி அணிந்த ஓர் ஆண், அவனை அடுத்து வெள்ளைக் குல்லாய் அணிந்த இளம்பெண். இருவர் கைகளும் ஆவி பறக்கும் உருளைக்கிழங்குத் தட்டை நோக்கி நீள்கின்றன. வலப்பக்கம் முதியவர் ஒருவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருக்கு அடுத்து, ஓரத்தில், வயதான பெண் குனிந்து காபி ஊற்றுகிறாள். முன்னால், நமக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு சிறுமி. பின்சுவரில் இடப்பக்கம் ஒரு கடிகாரமும் சட்டமிட்ட சிறிய படமும் மங்கலாகத் தெரிகின்றன.”

இதில் “பாவம்”, “அன்பு”, “சோர்வு” போன்ற ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் இடப்பக்கம் சாப்பாடு, வலப்பக்கம் காபி, நடுவில் சிறுமி என்ற பிரிவு வந்துவிட்டது. அடுத்த கட்டத்துக்குத் தேவையானது அதுதான். 1500 சொல் கட்டுரையில் விவரிப்புக்கு 200, 250 சொற்கள் போதும். அதற்கு மேல் போனால், பின்னால் பயன்படாத விவரங்களைச் சேர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

எழுதிய பத்தியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. படத்தைப் பார்க்காத நண்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கட்டம் போட்டு வரையச் சொல்லுங்கள். சிறுமியை மேசைக்குப் பின்னால் வரைந்தால், அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.

4. ‘என்ன’ என்பதிலிருந்து ‘எப்படி’ என்பதற்கு

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிவிடுகிறார்கள். விவரிப்பு முடிந்ததும் நேரே பொருளுக்குப் போகிறார்கள். நடுவில் கேட்க வேண்டிய கேள்வி: ஓவியர் செய்த தேர்வுகள் நம் கண்ணை என்ன செய்கின்றன? ஒளி, நிறம், பார்வை, இடம், தீற்றல் என்று எல்லாத் தலைப்பிலும் ஆளுக்கு இரண்டு வரி எழுத வேண்டாம். இந்த ஓவியத்தில் எது அதிகம் வேலை செய்கிறதோ அதில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பவை ஒளி, கண்கள், கைகள்.

முதலில் ஒளி. விளக்கு மேசைக்கு நேர் மேலே இருக்கிறது. அதனால் மேசையை நோக்கித் திரும்பியிருக்கும் எல்லா முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழுகிறது. சிறுமியின் முதுகு மட்டும் விளக்குக்கு இந்தப் பக்கம் இருப்பதால் இருட்டாகிவிடுகிறது. அவளுக்கு அப்பால் எழும் ஆவி வெளிச்சம் பட்டு வெளுத்துத் தெரிய, அவள் உருவம் அதன்மேல் கறுத்த வடிவமாக நிற்கிறது. ஒளி இந்த மேசைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சுவர்களுக்கு அது போய்ச் சேர்வதே இல்லை என்று சொல்லலாம்.

அடுத்து கண்கள். ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் பிரின்ட்டில் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். இளம்பெண்ணின் கோடு பக்கத்து ஆணிடம் போகிறது. அவனுடைய கோடு அவளிடம் திரும்பி வரவில்லை, எங்கோ எதிரே போகிறது. முதியவரின் கோடு காபி ஊற்றும் பெண்ணை நோக்கிப் போகிறது. அவள் கண்ணோ கீழே இருக்கிறது. சிறுமியின் முகமே தெரியவில்லை. இத்தனை நெருக்கமாக உட்கார்ந்திருந்தும் எந்த இரண்டு கோடும் சந்திக்கவில்லை.

கடைசியாகக் கைகள். விரல்கள் முடிச்சு முடிச்சாக, எலும்பு துருத்திக்கொண்டு, உடம்புக்குச் சற்றுப் பெரிதாகவே இருக்கின்றன. முகமும் கையும் மண் ஒட்டிய கிழங்கின் நிறத்தில் இருப்பதால், தட்டில் இருப்பதற்கும் அதை எடுக்கும் கைக்கும் நிற வேறுபாடு அதிகம் இல்லை. கண்கள் சந்திக்காத அதே மேசையில் இடப்பக்கக் கைகள் ஒரே தட்டில் சந்திக்கின்றன. வலப்பக்கம் ஒருவர் கோப்பையை நீட்டுகிறார், இன்னொருவர் ஊற்றுகிறார்.

இப்போது குறிப்பேட்டில் ஒரு முரண் கிடைத்துவிட்டது: பார்வையில் பிரிந்திருக்கிறார்கள், கையில் சேர்ந்திருக்கிறார்கள். இப்படி ஒரு முரணோ இழுபறியோ கையில் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். கட்டுரையின் வாதம் இதிலிருந்துதான் வரும். “ஒளியும் நிழலும் அழகாகக் கையாளப்பட்டுள்ளன” என்ற வாக்கியத்திலிருந்து எந்த வாதமும் வராது.

5. இப்போது கடிதத்தைத் திறங்கள்

வான்கோ 1885 ஏப்ரல் இறுதியில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறார். சிறு விளக்கின் வெளிச்சத்தில் கிழங்கு சாப்பிடும் இவர்கள், தட்டில் நீட்டும் இதே கைகளால்தான் நிலத்தைக் கிளறினார்கள், தங்கள் சாப்பாட்டை நேர்மையாகச் சம்பாதித்தார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும் என்கிறார். தோல் உரிக்காத, மண் படிந்த நல்ல உருளைக்கிழங்கின் நிறத்தைப் பற்றியும் அந்த நாட்களில் எழுதுகிறார். அவருடைய கடிதங்கள் முழுவதும் அருங்காட்சியகத்தின் ஏற்பாட்டில் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஒரு வரியை மட்டும் எங்கிருந்தோ எடுக்காமல் முழுக் கடிதத்தையும் படியுங்கள்.

இதை முதலிலேயே படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டுரை கடிதத்தின் சுருக்கமாக முடிந்திருக்கும். பார்த்த பிறகு படிப்பதால், உங்கள் குறிப்போடு அதை ஒப்பிட முடிகிறது. கைகளைப் பற்றி நீங்கள் பார்த்ததைக் கடிதம் உறுதிப்படுத்துகிறது, அதற்கு உழைப்பு என்ற பெயரையும் கொடுக்கிறது. ஆனால் கடிதத்தின் இந்தப் பகுதி சந்திக்காத கண்களை விளக்கவில்லை, முதுகு காட்டும் சிறுமியையும் விளக்கவில்லை. ஓவியர் சொன்னது ஒரு சாட்சியம், அவ்வளவுதான். அவர் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

வெளித் தகவலில் இன்னொரு பொறி உண்டு. வான்கோவின் ஓவிய நண்பர் அந்தோன் வான் ராப்பார்ட் இந்தப் படைப்பைக் கடுமையாகக் குறை சொல்லி எழுதினார். அந்தக் காபிக் கெட்டில் எங்கும் நிற்கவும் இல்லை, யாரும் அதைப் பிடித்திருக்கவும் இல்லையே என்பது அவருடைய குறைகளில் ஒன்று. மாணவர்கள் இதை அப்படியே ஓவியத்தின் மேல் வைத்து எழுதிவிடுகிறார்கள். ராப்பார்ட் பார்த்து எழுதியது கல்லச்சை. எந்தக் கருத்தை மேற்கோள் காட்டினாலும், சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “வான்கோ இந்த ஓவியத்தில் விவசாயிகளின் கடின வாழ்க்கையைக் காட்டுகிறார்.” இதை யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் மறுக்க முடியாததை நிரூபிக்க 1500 சொற்கள் தேவையில்லை.

இரண்டாவது முயற்சி: “கண்களால் பிரிந்திருப்பவர்களைக் கைகளால் இணைக்கிறார் வான்கோ.” பரவாயில்லை, ஆனால் இதனால் என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

மூன்றாவது: “எந்த இரண்டு பார்வையும் சந்திக்காத ஒரு மேசையில், ஒரே தட்டுக்கு நீளும் கைகளும் காபி ஊற்றும் கையும் மட்டுமே ஐவரையும் இணைக்கின்றன. இதனால் இந்த ஓவியத்தில் குடும்பம் என்பது பாசத்தை வெளிக்காட்டுவதில் இல்லாமல், சேர்ந்து உழைத்துச் சேர்ந்து உண்பதில் இருப்பதாகத் தெரிகிறது.” இதை ஒருவர் மறுக்கலாம். இளம்பெண்ணின் பார்வையில் பாசம் தெரிகிறதே என்று கேட்கலாம். அப்படிக் கேட்க இடமிருப்பதால்தான் இது வாதம். இரண்டு வாக்கியமாக இருக்கிறதே என்றால், கட்டுரையில் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

7. பத்தியை எப்படிக் கட்டுவது

ஒவ்வொரு பத்தியிலும் மூன்று விஷயம் அடுத்தடுத்து வரட்டும்: பார்ப்பது, அது எப்படி வேலை செய்கிறது, அதனால் என்ன பொருள். இரண்டாவதை விட்டுவிட்டால் பத்தி தாவும். ஒரு மாதிரி:

“சிறுமி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். விளக்குக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அவள் கறுத்த உருவமாகிறாள், ஆவியின் வெளிச்சம் அவளைச் சுற்றித் தெரிகிறது. கிழங்குத் தட்டையும் காபிக் கோப்பைகளையும் நாம் அவளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மேசையின் நான்காம் பக்கத்தை அவள் அடைத்துவிடுவதால், பார்ப்பவருக்கு அங்கே இடமில்லை. இந்த உணவு நம் முன்னால் நடக்கிறது, ஆனால் நம்மை அழைக்கவில்லை. நம் இரக்கத்தை எதிர்பார்த்து யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்காததும் இதோடு சேர்கிறது.”

“துயரம்” என்று தொடங்கியிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாது. அந்தச் சொல் எதிர்பார்க்கும் இரக்கத்தை ஓவியம் கேட்கவில்லை என்று இந்தப் பத்தி சொல்கிறது.

பத்திகளின் வரிசையையும் யோசியுங்கள். ஒளியில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாமே அதற்குள்தான் நடக்கிறது. பிறகு கண்கள், அப்புறம் கைகள், கடைசியாகச் சிறுமி. கடிதத்தைக் கைகள் பற்றிய பத்தியில் வையுங்கள், முன்னுரையில் வைக்காதீர்கள். முன்னுரையில் வைத்தால் கட்டுரை அதற்குக் கட்டுப்பட்டுவிடும்.

8. எவ்வளவு தூரம் போகலாம்

பின்சுவரில் இருக்கும் சிறிய படம் சிலுவைக் காட்சி. அதைக் கண்டுபிடித்ததும் மாணவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். மேசை, உணவு, சிலுவை, அப்படியானால் இது இயேசுவின் கடைசி இராவுணவு என்று இரண்டு பக்கம் எழுதிவிடுவார்கள். அந்த எண்ணத்தைத் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படம் சிறியது, இருட்டில் இருக்கிறது, மேசையில் இருக்கும் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒளி, பார்வை, அளவு மூன்றும் அதற்குக் கொடுக்கும் இடம் குறைவு என்றால் கட்டுரையும் அதற்குக் குறைவாகவே இடம் கொடுக்க வேண்டும். “உணவு இவர்களுக்குச் சடங்கு போன்றது என்ற எண்ணத்துக்கு இது துணை நிற்கிறது” என்று ஒரு வாக்கியம் எழுதி நிறுத்திக்கொள்வேன்.

நம் பழக்கத்தை ஓவியத்தின் மேல் ஏற்றுவதும் இதே வகைதான். ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்து “ஒற்றுமை” என்று உடனே எழுதுகிறோம். அந்த வீட்டில் அது வெறும் அன்றாட வழக்கமாக இருக்கலாம். ஒரே தட்டு என்பது மட்டும் ஆதாரமாகாது. சந்திக்காத கண்களுக்கு எதிரே அந்தத் தட்டை ஓவியர் வைத்திருக்கும் விதம்தான் ஆதாரம்.

உங்கள் வாதத்துக்கு எதிரான விவரத்தை மறைக்காதீர்கள். இங்கே அது இளம்பெண்ணின் பார்வை. அகன்ற கண்களோடு அவள் பக்கத்து ஆணைப் பார்ப்பது அக்கறை போலவே தெரிகிறது. அதை ஒப்புக்கொண்டு, பதில் பார்வை வராததால் அந்த அக்கறை பாதியில் நிற்கிறது என்று எழுதினால் வாதம் இன்னும் நுட்பமாகும்.

9. கொடுப்பதற்கு முன்

மூன்று பேனாக்களை எடுங்கள். பார்ப்பதைச் சொல்லும் வாக்கியங்களுக்கு நீலக் கோடு, அமைப்பை ஆராய்பவற்றுக்குப் பச்சை, பொருள் சொல்பவற்றுக்குச் சிவப்பு. ஒரு பத்தி முழுக்கச் சிவப்பாக இருந்தால் அதில் ஆதாரம் இல்லை. முழுக்க நீலமாக இருந்தால் அது இன்னும் பட்டியல்தான். நீலத்திலிருந்து பச்சை இல்லாமல் சிவப்புக்குத் தாவும் இடங்களில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கும், அதை எழுதிச் சேருங்கள்.

“ஓவியர் சொல்ல வருவது” என்று எழுதிய இடங்களையும் தேடுங்கள். அது கடிதத்தில் இருந்தால் அப்படியே விடலாம். இல்லையென்றால் “ஓவியத்தில் தெரிவது” என்று மாற்றுங்கள். முடிவுப் பத்தியில் வாதத்தைத் திரும்பச் சொல்ல வேண்டாம், எதிரான விவரத்தையும் கடந்து அது எங்கே நிற்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லி முடியுங்கள். படத்துக்குக் கீழே ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, இருக்கும் இடம் ஆகியவற்றை இந்த வரிசையில் போடுங்கள். இணைத்திருக்கும் படத்தில் காபி ஊற்றும் பெண் வலது ஓரத்தில்தான் இருக்கிறாளா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.